கொக்குக்குப் பெயர் மடையான்!

பிள்ளைகளுக்கு நாமே கதை கட்டும்போது நரிக்கு ‘தந்திரன்’ என்று பெயர் வைத்தால் கதை அங்கேயே முடிந்தது. ஏமாற்றப்போவது யாரென்று தெரிந்துவிடுகிறதே! குணத்தை விட்டுவிட்டு, ஊரில் அது பார்க்கும் வேலையைப் பெயராக்குங்கள்.

ஒரு கண்மாய்க் கதையை எடுத்துக்கொள்வோம். ராத்திரி ஊரைச் சுற்றும் நாய், தலையாரி. விருந்தாளி வரும் சேதியைக் கரைந்து சொல்லும் காகத்துக்குத் ‘தண்டோரா’ என்று வைக்கத் தோன்றும், வேண்டாம். சாதியோடு ஒட்டிய வேலை அது. 2022-ல் தமிழக அரசே அந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. ‘தபால் காக்கா’ போதுமே.

கொக்குக்குப் பெயர் தேடவே வேண்டாம். கண்மாய் மடையருகே அசையாமல் நிற்கும் குளத்துக் கொக்கை ‘மடையான்’ என்றுதான் ஊரில் அழைக்கிறார்கள். கதையில் தண்ணீர் திறக்கும் பொறுப்பையும் அதனிடமே கொடுத்துவிடுங்கள். மீன்களுக்கு அதை நம்புவதைத் தவிர வேறு வழி?