மூன்று வருட அனுபவம் கேட்டால் பதினான்கு மாதக்காரர் விண்ணப்பிக்கலாமா?

எனது முன்னாள் மாணவி ஒருவர் அண்மையில் விளம்பரத் தாளொன்றுடன் வீட்டுக்கு வந்தார். அரசசார்பற்ற நிறுவனமொன்றுக்குக் கள உத்தியோகத்தர் தேவை. பட்டம், 3 வருட அனுபவம், சிங்களம் பேச எழுதத் தெரிந்திருத்தல், மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரம். இவரிடம் ஒலுவில் பல்கலைக்கழகப் பட்டமும் அனுமதிப்பத்திரமும் இருந்தன. அனுபவம் 14 மாதம், அதுவும் தொண்டராக. சிங்களம் பேசுவார், எழுத வராது. "போடலாமா சேர்?" என்று கேட்டார்.

இதற்குப் பதில் சொல்லுமுன் விளம்பரம் யாருடையது என்று பார்க்க வேண்டும். வர்த்தமானியில் வரும் அரச பதவியென்றால், கேட்ட தகைமைகள் எல்லாம் குறிப்பிட்ட திகதியில் கையில் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். பொய் சொல்லி நியமனம் பெற்றாலும், பின்னர் தெரியவந்தால் வேலை போகும். ஆனால் அங்கும் நம் பிள்ளைகள் வீணாகப் பின்வாங்குகிறார்கள். பட்டமளிப்பு விழா இன்னும் நடக்கவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். பொதுவாகப் பார்க்கப்படுவது விழா நாளல்ல, பட்டம் வலுவுக்கு வரும் திகதி. அது பெரும்பாலும் விழாவுக்குப் பல மாதங்கள் முந்தியதாக இருக்கும். பல்கலைக்கழகத்தில் கடிதம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அரசசார்பற்ற நிறுவனங்களில் கதை வேறு. அவர்கள் எழுதுவது பெரும்பாலும் தாங்கள் விரும்பும் ஆளைப் பற்றி. அதில் எது முதல் நாளே தேவை, எது போகப்போக வரும் என்று நாம்தான் பிரித்தறிய வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் முதல் நாளே வீதியில் இறங்க முடியாது. அது இல்லையென்றால் போட வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வேலைக்களம் சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் என்பதால் மக்களுடன் பேசுவது தமிழில்தான். சிங்களம் அலுவலகக் கடிதங்களுக்கே தேவைப்படும். ஆகவே போடச் சொன்னேன்.

அவர் எழுதிவந்த கடிதம்தான் சரியில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்ததையும் கூட்டி "3 வருட அனுபவம்" என்று போட்டிருந்தார். சிங்களத்துக்கு "ஓரளவு தேர்ச்சி". ஓரளவு என்றால் எவ்வளவு? வாசிப்பவர் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொள்வார். தொண்டராக இருந்த இடத்துக்கு ஒரு கோல் எடுத்தால் 3 வருடக் கணக்கும் உடைந்துவிடும்.

முதல் பந்தியில் இருப்பதைச் சொல்லச் சொன்னேன். இரண்டாவது பந்தியை இருவருமாக இப்படி மாற்றினோம்: "கள அனுபவம் 14 மாதங்கள். அக்காலத்தில் வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டி, மாதாந்த அறிக்கையை நானே எழுதினேன். சிங்களத்தில் பேசி அலுவல் முடிப்பேன். எழுத இன்னும் பழகவில்லை, அதற்கான வகுப்பில் சேர்ந்துள்ளேன்."

"வகுப்பில உண்மையாவே சேர்ந்திட்டியா மகள்?" என்று கேட்டேன். சிரித்தார். சேர்ந்து, பற்றுச்சீட்டு கிடைத்த பிறகே அந்த வரியைப் போட விட்டேன்.

நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருக்கிறார்கள். மூன்றாவது கேள்வியைச் சிங்களத்தில்தான் கேட்டார்களாம். முடிவு இன்னும் வரவில்லை.