நள்ளிரவுக் கூட்டத்துக்கு ஒரு மறுப்புக் கடிதம்

கலிபோர்னியாவில் இருக்கும் மேலாளர் செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணிக்கு மீட்டிங் வைக்கிறார். அவருக்கு அது சாப்பாடு முடிந்த சாவகாசமான நேரம். சென்னையில் இருக்கும் ஊழியருக்கோ புதன் அதிகாலை 2.30. மேலாளரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. ஊழியர் தன் வேலை நேரத்தைக் காலண்டரில் குறித்து வைக்காவிட்டால், அவருடைய இரவு முழுவதும் அங்கே காலியாகத்தான் தெரியும்.

கோடையில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை 9 முதல் மாலை 6 வரை நடக்கும் அலுவலகம், சென்னைக் கணக்கில் இரவு 9.30 முதல் காலை 6.30 வரை. இரு பக்கத்து வேலை நேரமும் ஒரு நிமிடம்கூட ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை. ஆகவே யாராவது ஒருவர் கொஞ்சம் வளைந்துதான் ஆக வேண்டும். எவ்வளவு வளையலாம் என்பதைத்தான் பதில் கடிதம் பேச வேண்டும்.

ஆங்கிலத்தில் போகும் அந்தக் கடிதத்தின் சாரம் இதுதான்:

“அழைப்புக்கு நன்றி. செவ்வாய் மதியம் 2 மணி எனக்குப் புதன் அதிகாலை 2.30 என்பதால் கலந்துகொள்ள இயலாது. இந்த இரண்டில் ஒன்று உங்களுக்கு வசதிப்படுமா? ஒன்று, உங்களுக்குச் செவ்வாய் காலை 8 மணி. எனக்குச் செவ்வாய் இரவு 8.30. மற்றொன்று, உங்களுக்குச் செவ்வாய் மாலை 5.30, எனக்குப் புதன் காலை 6 மணி. அதற்குமுன் முடிவு தேவைப்பட்டால் கேள்விகளை அனுப்புங்கள், எழுத்தில் பதில் தருகிறேன்.”

இதில் புலம்பல் இல்லை, நீளமான மன்னிப்பும் இல்லை. அதிகாலை 2.30 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. “கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?” என்று மட்டும் கேட்டிருந்தால், மேலாளர் 3 மணிக்கு மாற்றியிருப்பார், ஊழியருக்கு அது 3.30.

இரண்டு நேரங்களும் அவருடைய நாளின் இரு முனைகளில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றில் அவர் சற்று முன்னதாக வர வேண்டும், மற்றொன்றில் ஊழியர் விடியலில் எழ வேண்டும். 8 மணியும் 8.30 மணியும் கொடுத்திருந்தால், காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும் மேலாளருக்கு இரண்டுமே உதவாது.

பலரும் சறுக்குவது கிழமையில். அங்கே செவ்வாய் மாலை என்பது இங்கே புதன் காலை. ஒரு பக்கத்துக் கிழமையை மட்டும் எழுதினால் ஒரு நாள் தவறிப்போகும். ‘IST’ என்று சுருக்குவதும் ஆபத்து. அயர்லாந்தும் இஸ்ரேலும் அதே மூன்றெழுத்தைப் பயன்படுத்துகின்றன. ‘சென்னை நேரம்’ என்று எழுதினால் குழப்பமே இல்லை.

வாரந்தோறும் நடக்கும் கூட்டமென்றால் இன்னொன்றையும் பேசிவிடுவது நல்லது. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. அன்றுமுதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை, அவருடைய காலை 8 மணி சென்னையில் இரவு 9.30 ஆகிவிடும், மாலை 5.30 மணியோ காலை 7 ஆகும். குளிர்காலத்தில் இரண்டாவது நேரத்துக்கு மாறலாமா என்று அக்டோபரிலேயே கேட்டுவிடலாம்.