அரட்டைச் செய்தியில் தொலையும் குரல்

அலுவலக அரட்டைச் செயலியில் வரும் ஒரு வரியில் சொற்கள் மட்டுமே இருக்கின்றன. நேரில் அதே வரியைச் சொல்பவரின் குரல் ஏற்ற இறக்கமும் முகமும், சொல்வதற்கு முன் விட்ட சிறு இடைவெளியும் அதில் வருவதில்லை. வீட்டிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ வேலை செய்யும் சக ஊழியர்களுக்கிடையே மனக்கசப்பு பெரும்பாலும் இந்த வெற்றிடத்தில்தான் முளைக்கிறது.

எழுதுபவருக்கு அந்த வெற்றிடம் தெரிவதில்லை என்பதே சிக்கலின் வேர். தட்டச்சு செய்யும்போது அவர் காதுக்குள் அவருடைய குரலே ஒலிக்கிறது. படிப்பவருக்கும் அது கேட்கும் என்று நம்பிவிடுகிறார். அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. கிண்டலாகவும் நிஜமாகவும் எழுதிய வரிகளை மின்னஞ்சலில் அனுப்பியவர்கள், படிப்பவர் சுமார் 78 விழுக்காடு சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். கண்டுபிடித்ததோ 56 விழுக்காடுதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வந்துவிடும் என்பதால் இது மிகச் சிறிய தேர்ச்சி. அதே வரிகளைக் குரலில் கேட்டவர்கள் சுமார் 73 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். நண்பர்களாக இருந்தாலும் கண்டுபிடிப்பது எளிதாகிவிடவில்லை.

இது அலுவலகத்தில் எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் இருக்கும் குழுத் தலைவர், மதுரையில் வீட்டிலிருந்து வேலை செய்யும் வடிவமைப்பாளருக்கு மாலை ஏழரை மணிக்கு எழுதுகிறார்: “லாகின் பக்கத்தை ஏன் மாத்துனீங்க?” வாடிக்கையாளருக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது, என்ன யோசித்துச் செய்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தலைவருக்கு வேண்டியது அந்தக் காரணம் மட்டுமே. வடிவமைப்பாளருக்கோ அது குற்றச்சாட்டாகப் படுகிறது. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியை மேலதிகாரி அனுப்பினால், அதுவும் வேலை நேரம் முடிந்து அனுப்பினால், விசாரணை போலத்தான் தோன்றும். “ஓகே. பழையபடி மாத்திடறேன்.” என்று பதில் போடுகிறார். அந்த ஒற்றை ஓகேவைத் தலைவர் கோபமாக எடுத்துக்கொண்டு மேலே பேசாமல் விடுகிறார். மறுநாள் காலை, வாடிக்கையாளர் பாராட்டிய பக்கம் காணாமல் போயிருக்கிறது. இருவரும் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியோடு காரணமும் கெடுவும் போயிருந்தால் இது நடந்திருக்காது: “லாகின் பக்கம் கிளையன்ட்டுக்குப் பிடிச்சிருக்கு. என்ன யோசிச்சு மாத்துனீங்கன்னு கேக்கறாங்க. நாளைக்குக் காலைல சொன்னாப் போதுங்க.” கூடுதலாகச் செலவானது சில விநாடிகள்தான். கெடுவைச் சொல்வது மரியாதைக்காக மட்டுமன்று. லாரா ஜியர்ஜ், வனெஸா போன்ஸ் ஆகியோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை நேரத்துக்குப் பின் வரும் அவசரமற்ற மின்னஞ்சலுக்குக்கூட அனுப்பியவர் உடனே பதிலை எதிர்பார்ப்பதாகப் பெறுபவர்கள் மிகையாக நினைப்பது தெரிந்தது. அவசரமில்லை என்று அனுப்புபவர் ஒரு வரி சேர்த்தால் அந்த மிகை குறைகிறது. இதே காரணத்தால்தான் “கொஞ்சம் பேசணும்” என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காணாமல் போவதும் தவறு. எதைப் பற்றி என்று சொல்லாத அந்த வரி, பெறுபவரின் ஒரு மாலைப் பொழுதையே கெடுத்துவிடும்.

அனுப்பும் முன் செய்யக்கூடிய சோதனை ஒன்றை க்ரூகர் குழுவின் ஆய்வே காட்டுகிறது. எழுதியவர் தம் வரியை, தாம் நினைத்ததற்கு நேர்மாறான தொனியில் வாய்விட்டுப் படித்தபோது, அது சரியாகப் புரிந்துவிடும் என்ற அதீத நம்பிக்கை குறைந்தது. அதாவது, செய்தியை ஒரு தடவை எரிச்சலான குரலில் படித்துப் பார்க்க வேண்டும். அந்தக் குரலுக்கும் வரி இடம் கொடுத்தால் திருத்துவது நல்லது.

சிரிப்பு முகம் சேர்த்தால் போதாதா? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் 1982-இல் :-) என்ற குறியை முன்மொழிந்ததே, வேடிக்கையை வேடிக்கை என்று அடையாளம் காட்டத்தான். பழகியவர்களுக்கிடையே அது உதவும். ஆனால், முதல் அறிமுகத்தில் அனுப்பும் அலுவலக மடலில் சிரிப்பு முகம் இருந்தால், அனுப்பியவர் கூடுதல் அன்பானவராகத் தெரிவதில்லை, திறமை குறைந்தவராகத் தெரிகிறார் என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. புதியவர்களிடம் காரணத்தைச் சொல்லால் எழுதுவதே பாதுகாப்பு.

பெறுபவருக்கும் ஒரு பங்கு உண்டு. வரி சுருக்கென்று தைத்தால், பதில் போடும் முன் “மாற்றத்துல ஏதாவது சிக்கலாங்க, இல்ல காரணம் தெரியணுமா?” என்று கேட்டுவிடலாம். எதிர்த் தரப்பைக் குற்றம் சொல்லாத கேள்வி இது. அதற்குப் பிறகும் இரண்டு சுற்றில் தெளியவில்லை என்றால் போனில் பேசிவிட வேண்டும். நாலாவது செய்தியிலும் தட்டச்சு தொடர்வதே நிலைமை மோசமாகிறது என்பதற்கு அடையாளம். குரலும் முழு உத்தரவாதமில்லை, அந்த 73 விழுக்காடே அதைச் சொல்கிறது. ஆனால் குரலில் பிழை உடனே தெரிந்து உடனே திருத்தப்படும். பேசி முடித்ததும் எடுத்த முடிவை இரண்டு வரியில் அதே அரட்டையில் பதிந்தால், சச்சரவின் தொடக்கத்தை மட்டும் பார்த்த மற்றக் குழுவினருக்கும் அது தீர்ந்தது தெரியும்.