கூட்டல் பிழையில்லை, கூட்டியதுதான் வேறு

திருப்பூரில் நூல் வாங்கி விற்கும் சிறிய கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசி. பில் தொகைகள் எக்செலில் C2 முதல் C9 வரை ஏறியிருக்கின்றன. C10இல் `=SUM(C2:C9)` என்ற சூத்திரம். அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி கால்குலேட்டரில் தட்டிப் பார்க்கிறார். 12,500, 8,400, 15,250, 6,300, 11,000, 4,800, 7,000. கூட்டினால் 65,250 வருகிறது. தாளின் அடியில் அச்சாகியிருப்பதோ 48,750.

"என்ன அம்மிணி, கால்குலேட்டர் ஒண்ணு சொல்லுது, கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது?"

கணக்கெழுதும் பெண் முதலில் வித்தியாசத்தை எடுக்கிறார்: 16,500. அந்தத் தொகைக்கு ஏதாவது பில் விட்டுப்போயிருக்குமோ என்று தேடுகிறார். எந்தப் பில்லும் 16,500 இல்லை. இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தாலும் அது வரவில்லை. திரையில் சிவப்பு எழுத்தும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இந்த வகைப் பிழைகளில் ஆபத்தானது இந்த அமைதிதான். சூத்திரத்தில் கோளாறு இருந்தால் எக்செல் `#VALUE!` என்று கத்தும். இங்கே சூத்திரம் சரி, கூட்டலும் சரி. எதைக் கூட்டியது, எப்போது கூட்டியது என்பதில்தான் சிக்கல்.

வித்தியாசம் எந்தப் பில்லோடும் பொருந்தவில்லை என்றால், ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றனவோ என்று சந்தேகிப்பது நல்லது. இந்தத் தாளில் நடந்தது அதுதான்.

முதல் சந்தேகம், எண் போலத் தெரியும் எழுத்துகள் மீது. எக்செலுக்கு 15250 என்ற எண் வேறு, "15250" என்ற எழுத்துத் தொடர் வேறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். SUM தனக்குக் கொடுக்கப்பட்ட செல்களில் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்தைத் தாண்டிப் போகும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருக்கிறது. நடுவில் ஒரு தலைப்போ "வரவில்லை" என்ற குறிப்போ இருந்தால் கூட்டல் நின்றுவிடக் கூடாதல்லவா? அந்த நல்லெண்ணமே, எழுத்தாக மாறிப்போன தொகையையும் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. அதனால் இந்தக் கோளாறு உள்ள கூட்டுத்தொகை, விட்டுப்போன தொகை அளவுக்குக் குறைந்தே வரும்.

அடையாளம் காணச் சில குறிகள் உண்டு. இயல்பாக எண் செல்லின் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். எழுத்தாகப் பதிந்த எண்ணுக்கு மேல்மூலையில் ஒரு பச்சை முக்கோணமும் வரலாம். ஆனால் இந்தக் கடையில் அழகுக்காக முழு நெடுவரிசையையும் வலப்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். முதல் குறி அத்தோடு போயிற்று. பச்சை முக்கோணமும் இல்லை. அதற்கான காரணம் கொஞ்சம் பின்னால் வரும்.

கண்ணை நம்பாமல் எண்ணிப் பார்ப்பதே உறுதியான வழி. COUNT எண்களை மட்டும் எண்ணும். COUNTA காலியாக இல்லாத எல்லாச் செல்லையும் எண்ணும்.

```
=COUNT(C2:C9)
=COUNTA(C2:C9)
```

முதலாவது 6 என்கிறது, இரண்டாவது 8 என்கிறது. அப்படியென்றால் இரண்டு செல்கள் எண்ணே இல்லை. (தாளில் ஏழு தொகைதானே, எட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வாசகர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். அதற்கும் வருவோம்.) பக்கத்து நெடுவரிசையில் `=ISNUMBER(C2)`, `=ISNUMBER(C3)` என்று ஒவ்வொரு வரிசையிலும் தனித்தனியாகத் தட்டினால், C4க்கும் C7க்கும் நேராக FALSE வருகிறது. 15,250, 11,000 ஆகிய இரண்டு தொகைகள், மொத்தம் 26,250, கூட்டலில் சேரவில்லை.

இந்த இரண்டும் கையால் தட்டியவை அல்ல, ஓர் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியவை. `=LEN(C4)` என்று கேட்டால், ஐந்து இலக்கம் மட்டுமே தெரியும் அந்தச் செல்லுக்கு 6 என்று விடை வருகிறது. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி தொற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அது விசைப்பலகையில் தட்டும் இடைவெளி அல்ல. வரி உடையாமல் இருக்க இணையப் பக்கங்களில் பயன்படுத்தும் வேறொரு குறி, அதன் எண் 160. இது ஒட்டியிருப்பதால் எக்செல் அந்தச் செல்லை எண்ணாகவே கருதவில்லை. பச்சை முக்கோணம் வராததற்குக் காரணம் இதுதான். வழக்கமான இடைவெளிகளை நீக்கும் TRIM இதைத் தொடாது. செல்லின் வடிவத்தை Number என்று மாற்றினாலும் பயனில்லை. அது எண்ணின் தோற்றத்தை மாற்றும் ஏற்பாடு, எழுத்தை எண்ணாக்கும் ஏற்பாடு அல்ல. முதலில் 160ஐ நீக்கி, பிறகு எண்ணாக்க வேண்டும்:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(C4,CHAR(160)," ")))
```

இந்த விடையை நகலெடுத்து, Paste Special வழியாக Values என்று C4இல் ஒட்டுகிறார் அந்தப் பெண். C7க்கும் அப்படியே. இடைவெளித் தொல்லை இல்லாமல் வெறும் எழுத்தாக மட்டும் பதிந்திருந்தால் இவ்வளவு வேலை இல்லை. நெடுவரிசையைத் தேர்ந்து, Data பட்டியில் Text to Columns திறந்து, நேராக Finish அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டு செல்லையும் திருத்தியாயிற்று. C10ஐப் பார்த்தால் அதே 48,750. சற்றுமுன் எழுதிய COUNTஉம் 6லேயே நிற்கிறது.

திருத்தம் பலிக்கவில்லை என்று எண்ணி, செய்ததைக் கலைத்துவிட்டு வேறு வழி தேடுவது இந்த இடத்தில்தான் நடக்கும். அவர் திருத்தியது சரியே. எக்செல் மறுபடி கணக்கிடவில்லை, அவ்வளவுதான். சாளரத்தின் அடிப்பட்டையில் Calculate என்ற சொல் நிற்கிறது. "கணக்குப் பாக்கி இருக்கிறது" என்பதற்கான அறிவிப்பு அது. F9 விசையை அழுத்தியதும் C10 சட்டென்று 75,000 ஆகிறது. COUNT 8 ஆகிறது.

எக்செல் இயல்பாக ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானே மறுகணக்குப் போடும். ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் உள்ள கனமான கோப்பில் ஒவ்வொரு தட்டலுக்கும் காத்திருக்க முடியாது என்பதால், கையால் சொன்னால் மட்டும் கணக்கிடும் Manual முறையும் வைத்திருக்கிறார்கள். இந்த நூல் கடையில் யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிறகு எப்படி வந்தது?

கணக்கிடும் முறை ஒரு கோப்புக்கு மட்டும் உரியதல்ல, அப்போது திறந்திருக்கும் எக்செல் முழுவதற்கும் பொதுவானது. எக்செலைத் தொடங்கி முதலில் எந்தக் கோப்பைத் திறக்கிறோமோ, அதில் சேமிக்கப்பட்டிருக்கும் முறையே பிறகு திறக்கும் கோப்புகளுக்கும் அமலாகும். காலையில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த கனமான கோப்பை முதலில் திறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அது Manual முறையில் சேமிக்கப்பட்டது என்றால், அடுத்துத் திறந்த விற்பனைக் கோப்பும் அதற்குக் கட்டுப்படும். அப்படியே சேமித்தால் அந்த முறை விற்பனைக் கோப்பிலும் பதிந்துவிடும். ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டுவாரொட்டி போலப் பரவும் வழி இது. வேகத்துக்காக Manual முறைக்கு மாற்றும் மேக்ரோ, திரும்ப மாற்றும் முன்பே பாதியில் நின்றுவிட்டாலும் இதே நிலைதான்.

இதில் இரண்டு விஷயங்கள் ஆளைக் குழப்பும். புதிதாக ஒரு சூத்திரத்தைத் தட்டி Enter அழுத்தினால், Manual முறையிலும் அதற்கு அப்போதே விடை வரும். "எல்லாம் வேலை செய்கிறதே" என்று தோன்றும். பழைய சூத்திரங்கள்தான் உறைந்து கிடக்கும். அடுத்தது, சேமிக்கும்போது மறுகணக்குப் போடும் ஏற்பாடு வழக்கமாக உடன் இருப்பதால், கோப்பைச் சேமித்த நொடியில் தொகை தானாக மாறும். மாலையில் சரியாகிவிட்டது, காரணம் தெரியவில்லை என்று சொல்லப்படும் கூட்டுத்தொகைகளில் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது C10 காட்டும் 75,000, முதலாளியின் 65,250ஐவிட 9,750 கூடுதல். வித்தியாசம் உருண்டையாக ஒரே தொகைக்கு வந்து நின்றுவிட்டது. இடப்பக்க வரிசை எண்களைப் பார்த்தால் 5க்கு அடுத்து 7 இருக்கிறது. 6ஆம் வரிசை மறைக்கப்பட்டிருக்கிறது. ரத்தான ஒரு பில், 9,750 ரூபாய். அழிக்க மனம் வராமல் யாரோ Hide செய்திருக்கிறார்கள். மறைத்தாலும் SUM அதைக் கூட்டும். முதலில் வந்த 16,500 என்ற புதிர் இதோடு அவிழ்கிறது. எழுத்தாகிப்போன இரண்டு பில்கள் 26,250ஐக் குறைத்தன, மறைந்த வரிசை 9,750ஐக் கூட்டியது. ஒன்றிலிருந்து மற்றொன்று கழிந்து மிஞ்சியதுதான் 16,500.

தெரியும் வரிசைகளை மட்டும் கூட்ட SUBTOTAL இருக்கிறது. இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. `=SUBTOTAL(9,C2:C9)` என்பது Filter விலக்கிய வரிசைகளை விட்டுவிடும், ஆனால் கையால் மறைத்த வரிசையைக் கூட்டும். இரண்டையும் விட வேண்டுமென்றால் 9க்குப் பதில் 109 போட வேண்டும். இந்தத் தாளில் 9 போட்டால் 75,000, 109 போட்டால் 65,250.

மறைந்த வரிசை நீங்கிய வரிசை அல்ல என்பதற்கு வழக்குமன்றம் ஏறிய சான்றும் உண்டு. 2008 செப்டம்பரில் திவாலான லேமன் பிரதர்ஸின் ஒரு பகுதியை பார்க்லேஸ் வாங்கியபோது, வேண்டாம் என்று விலக்கிய 179 ஒப்பந்தங்கள் எக்செல் கோப்பில் அழிக்கப்படாமல் மறைக்கப்பட்டிருந்தன. நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அதை பிடிஎஃப் ஆக்கும் வேலையில் அந்த வரிசைகள் வெளியே வந்து, வாங்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அவற்றை நீக்கக் கோரி வழக்கறிஞர்கள் நியூயார்க் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியதாயிற்று.

நூல் கடைக்கு 109 ஒரு மருந்துதான், ஆனால் அதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளக் கூடாது. நாளை யாராவது வரிசையைத் திறந்துவிட்டால் தொகை மறுபடி மாறும். ரத்தான பில்லை வெளிப்படையாகவே வைத்து, தொகையில் 0, பக்கத்தில் "ரத்து, முன்தொகை 9,750" என்று எழுதுவதே சரி. அப்போது சாதாரண SUM போதும், ஆடிட்டரும் கேள்வி கேட்காமல் படிப்பார். பிறகு Formulas பட்டியில் Calculation Options திறந்து Automatic தேர்ந்து, கோப்பைச் சேமித்துவிட வேண்டும். ஆடிட்டர் அனுப்பிய கோப்பிலும் அதையே செய்யுங்கள். இல்லையென்றால் நாளைக் காலை அதை முதலில் திறந்தவுடன் Manual முறை திரும்ப வந்துவிடும்.