சலவைச் சேவையை நிறுத்தும் கடிதம்

அடுக்ககங்களில் மாதச் சந்தாவில் துணி எடுத்துச் சென்று, வெளுத்து, இஸ்திரி போட்டுத் தரும் சேவையை நிறுத்த, 'அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம்' என்று டெலிவரிப் பையனிடம் சொன்னால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அவர் அதை அலுவலகத்தில் சொல்லலாம், மறந்தும் போகலாம். அதனால்தான் எழுத்தில் ஒரு கடிதம் தேவைப்படுகிறது. அதில் இரண்டு தேதிகள் தெளிவாக இருக்க வேண்டும்: சேவை முடியும் நாள், கடைசிப் பணம் கொடுக்கும் நாள். இவை இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளாக இருப்பதில்லை.

முதலில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாளையோ, வாட்ஸ்அப்பில் வந்த விதிமுறைகளையோ எடுத்துப் பார்க்க வேண்டும். '30 நாள் முன்னறிவிப்பு' என்பதும் 'ஒரு மாத முன்னறிவிப்பு, மாத இறுதியில் முடியும்' என்பதும் வேறு வேறு. மாதம் 3,100 ரூபாய்க் கட்டணத்தில், 30 நாள் முன்னறிவிப்பு விதியுள்ள ஒரு சந்தாவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதக் கட்டணமும் அடுத்த மாதம் 5-ஆம் தேதி கொடுக்கப்படுகிறது. கடிதம் ஜூன் 10 அன்று நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்கிறது. கடிதம் சேர்ந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவதே வழக்கம். ஜூன் 11 முதல் 30 வரை 20 நாள், ஜூலையில் 10 நாள். ஆக, சேவை முடிவது ஜூலை 10. மாத இறுதி என்ற விதி இருந்தால் இதே கடிதத்துக்கு முடிவு நாள் ஜூலை 31 ஆகிவிடும். கூடுதலாக 21 நாள் கட்டணம்!

இனி பணம். ஜூன் கட்டணம் 3,100 ரூபாய் வழக்கம்போல் ஜூலை 5 அன்று போய்விடும். ஜூலைக்கு 31 நாள் என்பதால் ஒரு நாளுக்கு 100 ரூபாய். 10 நாளுக்கு 1,000 ரூபாய். இப்படி நாள் கணக்கில் பிரிக்க ஒப்பந்தம் இடம் தருகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலர் முழு மாதக் கட்டணம்தான் கேட்பார்கள். துணி திரும்பிவர மூன்று நாள் ஆகுமென்றால், கடைசியாகத் துணி போடும் நாள் ஜூலை 7. துணி எல்லாம் வந்து சேர்ந்ததை எண்ணிப் பார்க்க ஓரிரு நாள் விட்டு, ஜூலை 15-ஐக் கடைசிப் பணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கடிதம் இப்படி அமையும்:

'பி பிளாக், 204-ஆம் எண் வீட்டுக்கான மாதாந்திரச் சலவைச் சேவையை நிறுத்திக்கொள்ள விரும்புகிறேன். ஒப்பந்தப்படியான 30 நாள் முன்னறிவிப்பாக இக்கடிதத்தை ஏற்றுக்கொள்ளவும். ஜூலை 10 சேவையின் கடைசி நாள். ஜூலை 7-க்குப் பிறகு துணி எடுக்க வர வேண்டாம். ஜூன் கட்டணம் ஜூலை 5 அன்றும், ஜூலை மாதத்தின் 10 நாளுக்கான 1,000 ரூபாய் ஜூலை 15 அன்றும் செலுத்தப்படும். முன்பணமாகக் கொடுத்த 2,000 ரூபாயை அன்றே திருப்பித் தரவும். இக்கடிதம் கிடைத்ததை எழுத்தில் தெரிவிக்கவும்.'

நிறுத்துவதற்கான காரணத்தை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டையில் கறை, பொத்தான் உடைந்தது போன்ற புகார்களைத் தனியாக எழுதுவது நல்லது. இதில் கலந்தால் பதில் புகாரைப் பற்றியே வரும், தேதிகளுக்கு ஒப்புதல் வராது. நேரில் கொடுத்தால் நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கலாம். மின்னஞ்சலில் அனுப்பினால் பதில் வரும்வரை விடக்கூடாது.

அதிகம் சிக்கல் வருவது யூபிஐ ஆட்டோபேயில்தான். கடிதம் கொடுத்த கையோடு அதை ரத்து செய்தால் ஜூன் கட்டணம் போகாமல் நின்று, முடிக்கும் நேரத்தில் தகராறு வரும். ரத்து செய்யாமலே விட்டால் ஆகஸ்ட் 5 அன்று முழு 3,100 ரூபாய் பிடித்துவிடும். ஜூலை 5 பணம் போனதும் ரத்து செய்து, மீதி 1,000 ரூபாயைத் தனியாக அனுப்புவதே சரி.

பணம் பாக்கி என்று சொல்லித் துணியைத் தர மறுக்க முடியுமா? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவுப்படி, ஒரு பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தியவர், வேறு ஏற்பாடு இல்லாதபோது, அந்த வேலைக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்திருக்கலாம். வெளுத்த துணிக்கும் இது பொருந்தும். ஆனால் அந்த உரிமை அந்தத் துணிக்கான கூலிக்கு மட்டுமே. ஏற்கெனவே திருப்பித் தந்த துணிகளின் பழைய பாக்கிக்காகப் புதிய மூட்டையைப் பிடித்து வைக்க, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும். ஆகவே பட்டுப்புடவை, கோட் போன்ற விலையுயர்ந்த துணிகளைக் கடைசி வாரத்தில் போடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

கடைசி மூட்டை வந்ததும் ரசீதுடன் எண்ணிச் சரிபார்த்து, 'பாக்கி எதுவும் இல்லை' என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட வேண்டும். அடுக்ககக் காவலரிடமும், வாசல் நுழைவுச் செயலியிலும் அந்த ஊழியருக்குக் கொடுத்த அனுமதியை நீக்கிவிடலாம்.