ரேக்குகளுக்கு நடுவே வைஃபை: ஒரு கிடங்கை அளப்பது எப்படி?

பொருட்கிடங்கில் அக்சஸ் பாயின்ட்டுகளை எங்கே மாட்டுவது என்பதைக் கேபிள் இழுப்பதற்கு முன்பே அளந்து தீர்மானிக்கும் வேலைதான் வைஃபை சர்வே. அலுவலகக் கட்டடத்தில் இதைப் பெருமளவு வரைபடத்திலேயே முடித்துவிடலாம். கிடங்கில் அது எடுபடாது. பத்து மீட்டர் உயர இரும்பு ரேக்குகளில் என்ன அடுக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து அலையின் போக்கே மாறிவிடும். காலி பிளாஸ்டிக் கூடைகளை அலை எளிதில் கடக்கிறது. தண்ணீர் பாட்டில்கள் அதை உறிஞ்சிவிடுகின்றன. தகர டின்கள் திருப்பியடிக்கின்றன. ஆகவே சரக்கு நிறைந்திருக்கும்போது அளப்பதே சரி.

தண்ணீர் பாட்டில் வைக்கும் ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். நீளம் 100 மீட்டர், கூரை 12 மீட்டர் உயரம், நீளவாக்கில் வரிசையாக ரேக்குகள், அவற்றுக்கிடையே ஃபோர்க்லிஃப்ட் ஓடும் சந்துகள். கூரையில் சம இடைவெளியில் அக்சஸ் பாயின்ட்டுகளைத் தொங்கவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பெரும்பாலான கோளாறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. ரேக்குகளுக்கு மேலே தடையே இல்லாததால் கருவிகள் ஒன்றையொன்று உரக்கக் கேட்கும். ஒரே சேனலில் இருப்பவை ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். கீழே சந்தில் நிற்பவரின் ஸ்கேனருக்கோ அதே அலை அரைகுறையாகத்தான் வந்து சேரும். ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல்கள் மூன்றே உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்த நெரிசல் இன்னும் மோசம். அதனால் 5 கிகாஹெர்ட்ஸே பொருத்தம்.

மாற்று வழி, சந்தின் முனையில், ரேக்கின் உச்சிக்குக் கீழே, சந்தைப் பார்த்தபடி திசை ஆன்டெனா மாட்டுவது. இரு முனையிலும் ஒன்று வைத்தால் ஒவ்வொன்றும் 50 மீட்டரைக் கவனித்தால் போதும். தடையற்ற வெளியில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தத் தூரத்தில் சுமார் 81 டெசிபல் இழக்கும். கருவியின் சக்தி 14 டிபிஎம், ஆன்டெனா தரும் கூடுதல் 6 என்றால், சந்தின் நடுவில் மைனஸ் 61 டிபிஎம் கிடைக்க வேண்டும். கைக்கருவிகளுக்குப் பொதுவாக வைக்கும் இலக்கு மைனஸ் 67. மிச்சமுள்ள 6 டெசிபல், குறுக்கே நிற்கும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கான இடம். சக்தியை அதிகபட்சத்துக்கு ஏற்றாமல் 14-இல் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஸ்கேனரின் சக்தியும் ஏறத்தாழ அவ்வளவுதான். கருவி மட்டும் கத்தினால் ஸ்கேனர் திரையில் கோடுகள் நிறைந்திருக்கும், அதன் பதில் மட்டும் போய்ச் சேராது.

கணக்கு இவ்வளவுதான் சொல்லும். பக்கத்துச் சந்துக்கு அலை எவ்வளவு கசிகிறது என்பதை, ஒரு அக்சஸ் பாயின்ட்டைத் தற்காலிகக் கம்பத்தில் அதே உயரத்தில் நிறுத்தி, நடந்து பார்த்துத்தான் அறிய முடியும். அங்கே மைனஸ் 66 கிடைத்தால் ஒன்றுவிட்ட சந்துகளில் வைத்தால் போதும். பாட்டில்களைத் தாண்டி வந்து மைனஸ் 80 ஆகிவிட்டால் ஒவ்வொரு சந்துக்கும் தனியாக வேண்டும். செலவு இரட்டிப்பாவதா இல்லையா என்பது இந்த ஒரு நடையில் தெரிந்துவிடும்.

அடுத்தது ரோமிங். ஓர் அக்சஸ் பாயின்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது ஸ்கேனர்தான். ஆப்பிள் தன் ஐபோன்களுக்கு அறிவித்துள்ள வரம்பு மைனஸ் 70: சிக்னல் அதற்குக் கீழே போனால்தான் வேறொன்றைத் தேடும், தரவு போய்வரும்போது அது 8 டெசிபலாவது வலுவாக இருந்தால்தான் தாவும். ஸ்கேனர்கள் பலவற்றில் இந்த வரம்பை அமைப்புகளில் மாற்றலாம். ஆபத்தான இடம் சந்தின் முனைத் திருப்பம். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஃபோர்க்லிஃப்ட் ஒரு நொடியில் மூன்று மீட்டர் நகர்ந்துவிடும். திரும்பியதும் ரேக் மறைத்து, சிக்னல் சட்டென்று சரியும். தேட அவகாசமில்லாமல் திரை உறையும். ஆகவே திரும்புவதற்கு முன்பே இரண்டாவது அக்சஸ் பாயின்ட்டும் ஏறக்குறைய மைனஸ் 70-இல் கேட்க வேண்டும். வேகமாக மாற உதவும் 802.11r வசதி, மாறும் நேரத்தைத்தான் குறைக்கும். இல்லாத அக்சஸ் பாயின்ட்டை அது உண்டாக்காது.

அளந்ததை வண்ணங்களாகக் காட்டுவது ஹீட் மேப். படம் பச்சையாக இருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. நடந்த பாதையில் மட்டுமே உண்மையான அளவு உண்டு. இடைப்பட்ட பரப்பு மென்பொருளின் ஊகம். ஊக ஆரத்தைப் பெரிதாக வைத்தால் யாரும் கால் வைக்காத சந்தும் பச்சையாகிவிடும். அளக்கும் கருவியின் ஆன்டெனா ஸ்கேனரைவிடக் கூர்மையானது என்பதால், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து வித்தியாசத்தைப் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வலுவான சிக்னலுக்கான படமும், ஒரே சேனலில் எத்தனை கருவிகள் கேட்கின்றன என்ற படமும் கையில் இல்லாமல் ரோமிங்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

மாட்டி முடித்தபின் அந்த ஸ்கேனரையே ஃபோர்க்லிஃப்ட்டில் வைத்து, தொடர் பிங் ஓடவிட்டு எல்லாத் திருப்பங்களிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். பிங் தவறிய இடத்தில் ஸ்கேனர் எந்த பிஎஸ்எஸ்ஐடி-யில் இருந்தது என்று பார்க்க வேண்டும். பக்கத்திலிருப்பதை விட்டுத் தூரத்து எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால், அந்தத் தூரத்துக் கருவியின் சக்தியைக் குறைக்க வேண்டும். இரண்டாவது எண்ணே தென்படவில்லை என்றால், அந்த முனைக்கு இன்னொரு அக்சஸ் பாயின்ட் தேவை.