ஐங்கோணம் தரும் சைன் 18°

சைன் 30°, சைன் 45° ஆகியவற்றின் மதிப்புகளைப் பள்ளி மாணவர்கள் பட்டியலிலிருந்து மனப்பாடம் செய்கிறார்கள். சைன் 18° அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதற்கும் துல்லியமான மதிப்பு உண்டு. ஐந்து பக்கங்களும் சமமான ஒழுங்கு ஐங்கோணத்தை வரைந்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ABCDE என்பது 1 அலகு பக்கமுள்ள ஒழுங்கு ஐங்கோணம். அதன் ஒவ்வொரு உட்கோணமும் 108°. எந்த உச்சியிலிருந்தும் இரண்டு மூலைவிட்டங்கள் வரையலாம். அவை அந்த 108°-ஐ மூன்று 36° கோணங்களாகப் பிரிக்கும். ஐந்து உச்சிகளும் ஒரே வட்டத்தில் சம இடைவெளியில் இருப்பதே இதற்குக் காரணம்: சமமான விற்கள் வட்டத்தின் மேல் சமமான கோணங்களையே தாங்கும்.

A-யிலிருந்து AC, AD என்ற மூலைவிட்டங்களை வரைவோம். இரண்டின் நீளமும் d. ACD என்ற இருசமபக்க முக்கோணத்தில் உச்சிக்கோணம் 36°, அடிக்கோணங்கள் 72°, அடிப்பக்கம் 1. A-யிலிருந்து CD-க்குச் செங்குத்து வரைந்தால் 36° இரண்டு 18° ஆகிறது, அடிப்பக்கமும் பாதியாகிறது. அப்போது கிடைக்கும் செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கம் 1/2, கர்ணம் d. எனவே,

sin 18° = 1/(2d)

இனி d தெரிந்தால் போதும். கணக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. CE என்ற மூலைவிட்டத்தை வரைந்து, அது AD-யை வெட்டும் புள்ளியை P என்போம். CE, 72° கோணமான ACD-யை இரண்டு 36° கோணங்களாக வெட்டுகிறது. CDP முக்கோணத்தில் C-யில் 36°, D-யில் 72° இருப்பதால் P-யிலும் 72°; ஆகவே CP = CD = 1. APC முக்கோணத்தில் A-யிலும் C-யிலும் 36° இருப்பதால் AP = CP = 1. மிச்சமுள்ள PD-யின் நீளம் d − 1.

பெரிய முக்கோணம் ACD-யும் சிறிய முக்கோணம் CDP-யும் ஒரே கோணங்களைக் கொண்டவை, அதாவது வடிவொத்தவை. பக்கங்களின் விகிதம் சமம் என்பதால்,

d/1 = 1/(d − 1)
d² − d − 1 = 0

இந்த இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு தீர்வுகள். ஒன்று குறை எண். நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் அதை விட்டுவிடலாம். மற்றது d = (1 + √5)/2. இதை முதல் சமன்பாட்டில் இட்டால் 1/(1 + √5) வரும். மேலும் கீழும் (√5 − 1)-ஆல் பெருக்கினால்,

sin 18° = (√5 − 1)/4

√5 ஏறத்தாழ 2.236 என்பதால் இது சுமார் 0.309. கால்குலேட்டரில் சரிபார்க்கும்போது −0.751 என்று வந்தால் கணக்கில் பிழையில்லை. கருவி பாகைக்குப் பதிலாக ரேடியனில் இருக்கிறது.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் இதே மதிப்பை வட்டத்தின் ஆரத்தை வைத்து விதியாகச் சொல்லியிருக்கிறார். சைன் அட்டவணை தயாரிப்பவர்களுக்கு இது கைகொடுத்தது: 18°-லிருந்து 15°-ஐக் கழித்தால் சைன் 3°-இன் துல்லியமான மதிப்பும் கிடைத்துவிடும். ஆனால் அதை மூன்றாகப் பிரித்து சைன் 1°-க்குப் போக முப்படிச் சமன்பாடு தேவை. வர்க்கமூலங்களை மட்டும் கொண்டு அந்த மதிப்பை எழுத முடியாது.